சனிக்குப் பின் ஞாயிறு ஏன்?

வானில் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை கிரகங்களைப் பழங்காலத்தார் இப்படி வரிசைப்படுத்தினார்கள்: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். கிழமைகளின் வரிசை இதுவல்லவே?

காரணம் ஓரைக் கணக்கு. நாளின் 24 மணிகளையும் இந்த ஏழும் மாறி மாறி ஆளும். முதல் மணிக்கு உரியவர் பெயரே அந்த நாளுக்கு. சனியில் தொடங்கினால் 8, 15, 22ஆம் மணிகளும் சனிக்கே. 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. மறுநாள் முதல் மணி சூரியனுக்கு. ஆக, ஞாயிறு! அதே கணக்கில் அடுத்தது திங்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ இதை விளக்கியிருக்கிறார். நம் பஞ்சாங்க ஓரையும் இதே கணக்குதான்.

பிரெஞ்சுக்காரர்கள் செவ்வாயை இன்றும் ‘மார்தி’ என்று ரோமானியப் போர்த்தெய்வம் மார்ஸ் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஜெர்மானிய இனத்தாரோ தங்கள் தெய்வங்களை அங்கே உட்கார வைத்தார்கள். மார்ஸுக்குப் பதில் தீவ், மெர்குரிக்கு வோடன், இடி முழக்கும் ஜுபிடருக்குத் தோர், வீனஸுக்கு ஃப்ரிக். ஆங்கிலத்தின் டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே, ஃப்ரைடே இவர்கள்தாம். சனிக்கு மட்டும் ஆங்கிலேயர்கள் ரோமானிய சாட்டர்னையே வைத்துக்கொண்டார்கள்.

போர்ச்சுக்கீசியர்கள் இந்தக் கடவுள்களே வேண்டாமென்று திங்களை ‘இரண்டாம் நாள்’ என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். தேவாலயத்தின் கைவரிசை!