விலைப்பட்டியலில் அளவு பிழையானால்

ராஜ்கோட்டிலுள்ள ஒரு பேரிங் உற்பத்தியாளர் நாகபுரி வணிகர் ஒருவருக்கு 500 பேரிங்குகள் அனுப்புகிறார் என்று கொள்வோம். ஒன்றின் விலை ரூ. 200. ஆனால் 2025 ஜூன் 12 தேதியிட்ட விலைப்பட்டியலில் எழுத்தர் 600 என்று பதிந்துவிட்டார். சரக்கு மூன்று நாளில் போய்ச் சேர்ந்தது. எண்ணிப் பார்த்த வணிகர், “திருத்திய பில் அனுப்புங்கள்” என்று கடிதம் எழுதுகிறார். அன்றாட வழக்கில் எவரும் இப்படித்தான் கேட்பர். சட்டத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு.

2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 31-ஆம் பிரிவில் ‘திருத்திய விலைப்பட்டியல்’ என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. புதிதாகப் பதிவு பெறும் வணிகருக்குப் பதிவு நடைமுறைக்கு வரும் நாளுக்கும், சான்றிதழ் கைக்கு வரும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் கழியலாம். அந்த இடைவெளியில் வரி காட்டாமல் எழுதிய பட்டியல்களுக்குப் பதிலாக, சான்றிதழ் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுதப்படுவதே திருத்திய விலைப்பட்டியல். எண்ணிக்கைப் பிழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் விளைந்த குழப்பம் இது.

அப்படியானால் பழையதை விட்டுவிட்டு, 500 என்று புதிய எண்ணில் வேறொரு பட்டியல் எழுதிவிடலாமா? அது சரக்கும் பட்டியலும் எந்நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சரக்கு கிடங்கை விட்டுப் புறப்படுமுன் பிழை தெரிந்தால், பழைய பட்டியலின் எல்லாப் படிகளிலும் ‘ரத்து’ என்று எழுதிக் கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த வரிசை எண்ணில் புதியது எழுதுவதே நேர்வழி. ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தலாகாது. மாதக் கணக்கில் அதை ரத்தானதாகவே காட்ட வேண்டும். மின்னணு விலைப்பட்டியல் முறைக்கு உட்பட்டவர் தளத்திலும் ரத்துச் செய்ய வேண்டும். அதற்குப் பதிவு எண் பெற்ற நேரத்திலிருந்து 24 மணி மட்டுமே அவகாசம். மின்வழிச் சீட்டு உயிருடன் இருந்தால் முதலில் அதை ரத்துச் செய்யாமல் பட்டியலை ரத்துச் செய்ய இயலாது.

நமது ராஜ்கோட் உற்பத்தியாளர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இனி அவருக்குரியது 34-ஆம் பிரிவின் வரவுக் குறிப்பு. முதல் பட்டியலின்படி மதிப்பு ரூ. 1,20,000; 18 விழுக்காட்டில் ஒருங்கிணைந்த வரி ரூ. 21,600. உண்மையில் இருக்க வேண்டியது ரூ. 1,00,000; வரி ரூ. 18,000. ஆகவே மூலப் பட்டியலின் எண்ணையும் தேதியையும் சுட்டி, மதிப்பு ரூ. 20,000, வரி ரூ. 3,600 என வரவுக் குறிப்பு எழுத வேண்டும். மூலப் பட்டியல் அப்படியே நிற்கும். குறிப்பு எழுதிய மாதத்தின் கணக்கில் அதைக் காட்டித் தம் வரிப் பொறுப்பை அவர் குறைத்துக்கொள்ளலாம். நாகபுரி வணிகர் ரூ. 21,600-க்கும் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால் ரூ. 3,600-ஐத் திருப்ப வேண்டும்.

மாறாக, ரத்தும் செய்யாமல், வரவுக் குறிப்பும் எழுதாமல், இரண்டாம் பட்டியல் ஒன்றை மட்டும் அனுப்பினால் என்னாகும்? ஒரே சரக்குக்கு இரு பட்டியல்களும் வரிக்கணக்கில் ஏறும். விற்றவர் மொத்தம் ரூ. 39,600 வரி கட்ட நேரும். வாங்கியவருடைய ஜி.எஸ்.டி.ஆர். 2பி அறிக்கையிலும் அதே தொகை தோன்றும். கொள்முதல் பதிவேட்டில் ரூ. 18,000, அறிக்கையில் ரூ. 39,600 என்று வேறுபாடு நின்றால், தணிக்கையாளர் முதலில் தேட வேண்டியது இத்தகைய இரட்டைப் பட்டியலைத்தான். பழைய எண்ணிலேயே அளவை மட்டும் மாற்றி அச்சிட்டுத் தருவது இதைவிடத் தவறு. ஒரே எண்ணில் இருவேறு தாள்கள் உலவினால் எது மெய் என்று சொல்ல எவராலும் முடியாது.

பிழை எதிர்த்திசையிலும் நேரலாம். 500 அனுப்பிவிட்டு 400 என்று எழுதியிருந்தால், குறைந்த ரூ. 20,000-க்கும் அதன் வரிக்கும் பற்றுக் குறிப்பு எழுத வேண்டும். ஆனால் அனுப்பியதே 400 தான், எஞ்சிய 100 அடுத்த வாரம் போகிறது என்றால், அது தனி வழங்கல். அங்கே புதிய விலைப்பட்டியலே முறை. எழுத்தில் பிழையா, அனுப்பியதில் குறையா என்பதை ஏற்றுமதிச் சீட்டையும் கிடங்குப் பதிவேட்டையும் பார்த்து முடிவு செய்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

வரவுக் குறிப்புக்குக் கால வரம்பு உண்டு. வழங்கல் நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்த நாள், இவற்றில் முந்தியதற்குள் அதைக் கணக்கில் காட்டியாக வேண்டும். மேற்சொன்ன பட்டியலுக்கு அது 2026 நவம்பர் 30. அதைத் தவறவிட்டால், வாங்கியவருக்கு ரூ. 20,000-ஐ வணிக முறையில் திருப்பித் தரத் தடையில்லை. அரசுக்குக் கட்டிய ரூ. 3,600-ஐ மட்டும் தம் வரிப் பொறுப்பில் கழித்துக்கொள்ள விற்றவருக்கு வழியில்லை.