மேலிடத்தில் முடிவு கேட்கும் குறிப்பு

நிர்வாக இயக்குநருக்கு எழுதும் குறிப்பின் முதல் வரியிலேயே, என்ன முடிவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது வந்துவிட வேண்டும். ஒரு பின்னலாடை ஆலையில் பழைய கம்ப்ரசர் மாதம் இருமுறை நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னணியாக அதுவும், ஒவ்வொரு முறையும் அரை நாள் உற்பத்தி போவதும் போதும். இயந்திரத்தின் முழு வரலாறு இணைப்பில் கிடக்கட்டும்.

வழிகள் மூன்று: 2 லட்சம் ரூபாயில் பழுதுபார்ப்பது, 9 லட்சத்தில் புதிது வாங்குவது, அப்படியே விடுவது. மூன்றாவதற்கும் செலவு உண்டு. அதைக் கணக்கிட்டுக் காட்டாத குறிப்பு எளிதில் கிடப்பில் போகும்.

பழுதுபார்த்தாலும் ஓராண்டுதான் தாங்கும் என்றால் புதிது வாங்கப் பரிந்துரைக்கலாம். வந்துசேர ஆறு வாரமாகும், அதுவரை வாடகைக் கம்ப்ரசர் தேவை என்பதையும் மறைக்கக் கூடாது. “நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?” என்று அவர் திருப்பிக் கேட்டால், பரிந்துரை தெளிவாக இல்லை.