பேரவைக் கூட்ட அறிவிப்பை அமைக்கும் முறை

உழவர் அமைப்புகளில் புதிய இயக்குநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதும், வங்கிக் கணக்கில் கையொப்பமிடுவோரை மாற்றித் தருமாறு எங்களிடம் விண்ணப்பிப்பது வழக்கம். தீர்மான நகல் சரியாக இருந்தும் சில விண்ணப்பங்கள் தடைப்படுகின்றன. கூட்ட அறிவிப்பு முறைப்படி இல்லை என்று உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தால், தேர்தலே ஐயத்துக்குள்ளாகிவிடுகிறது.

ஸ்ரீ சிட்டியை அடுத்த சத்தியவேட்டில் 312 உறுப்பினர்களைக் கொண்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஆண்டுப் பேரவை 25.09.2025, வியாழக்கிழமை கூடுகிறது. நிறுவனச் சட்டப்படி குறைந்தது 14 நாட்களுக்கு முன்னரே எழுத்து வடிவில் அறிவிப்புத் தரவேண்டும். அனுப்பும் நாளையும் கூடும் நாளையும் விட்டுவிட்டு எண்ணுவதே பாதுகாப்பானது. அவ்வாறு எண்ணினால் 10.09.2025 கடைசி நாள். அஞ்சலில் அனுப்புவதாயின் மேலும் இரு நாட்களை ஒதுக்கி, 8ஆம் தேதியே அனுப்பிவிடலாம். மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கங்கள் தத்தம் துணைவிதியிலுள்ள நாட்கணக்கையே பின்பற்ற வேண்டும்.

தாளின் தலைப்பில் நிறுவனத்தின் பெயரும் பதிவு அலுவலக முகவரியும் இடம்பெறும். சத்தியவேடு 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய தாள்களில் சித்தூர் மாவட்டம் என்றே இருக்கக்கூடும், கவனிக்க. அதன் கீழே இடப்பக்கம் கடித எண், வலப்பக்கம் தேதி. பின்னர் 'பொருள்: ஆண்டுப் பேரவைக் கூட்டம்' என்னும் வரி. அடுத்த பத்தியில் நாள், கிழமை, நேரம், இடம் ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். கூட்டம் பொது விடுமுறை நாளில் அமையலாகாது; அலுவல் நேரத்தில், பதிவு அலுவலகத்திலோ அது அமைந்துள்ள ஊரிலோதான் நடைபெற வேண்டும்.

கூட்டப் பொருள்களில்தான் பிழைகள் மிகுதி. 'இயக்குநர் தேர்தல்' என்று மட்டும் எழுதுவது போதாது. வேட்பாளர்களின் பெயரையும் தகுதியையும் அறிவிப்புடன் இணைக்க வேண்டும். சென்ற பேரவையின் நடவடிக்கைக் குறிப்பும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் உடன் செல்ல வேண்டும். 'தலைவரின் அனுமதியுடன் பிற பொருள்கள்' என்ற கடைசி வரி சிறு செய்திகளுக்கே உரியது. தேர்தலை அதற்குள் நுழைப்பதுதான் பின்னர் வழக்காகிறது.

அறிவிப்பில் குறைவெண்ணையும், அதாவது கோரத்தையும், எண்ணாகவே குறிப்பிடுவது நலம். விதிகள் கூடுதலாகக் கேட்காவிடில் மொத்த உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கு வேண்டும். இங்கு 78 பேர்.

முடிவில் 'இயக்குநர் குழுவின் ஆணைப்படி' என எழுதி, வலப்பக்கம் கையொப்பம், அதன் கீழ்ப் பெயர், பதவி. இடப்பக்கம் ஊர், தேதி. இந்தத் தேதி அனுப்பிய நாளுக்குப் பிந்தியதாக இருத்தலாகாது. முன்னதாகவே கையொப்பமிட்டுச் சில நாட்கள் மேசையில் கிடந்தாலும், 14 நாட்கள் அனுப்பிய நாளிலிருந்தே எண்ணப்படும். நேரில் வழங்கினால் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தைப் பதிவேட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். தணிக்கையாளருக்கும் ஒரு படி அனுப்ப வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.