ஒரு முகவரி, பல வீடுகள்: இணையத்தளங்கள் புதிர் போடுவது ஏன்?

இணையத்தளம் ஒன்றைத் திறக்க முற்படும்போது, கேட்ட பக்கத்துக்குப் பதிலாகச் சமிக்ஞை விளக்குகளும் சைக்கிள்களும் உள்ள படக்கட்டங்களைத் தெரிவு செய்யச் சொல்லும் புதிரோ, அனுமதி இல்லை என்ற ஒற்றை வரியோ வந்து நிற்பது, உரும்பிராய் போன்ற யாழ்ப்பாணக் கிராமங்களில் சிம் பொருத்திய ரவுட்டர் வழியாக இணையம் பெறும் வீடுகளுக்குப் பழக்கமான தொல்லையாகும். கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதென்று அதைக் கடைக்குக் கொண்டுபோவோரும், ரவுட்டர் பழுதென்று புதியது வாங்குவோரும் உளர். ஆனால் கோளாறு பெரும்பாலும் அந்த வீட்டினுள் இருப்பதில்லை; அந்த வீடு எந்த முகவரியின் பெயரால் வெளியுலகுக்குத் தெரிகிறதோ, அந்த முகவரியின் மீது படிந்துள்ள சந்தேகமே காரணம்.

இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் எண் தேவை. இன்னும் பெருமளவில் புழங்கும் நான்காம் பதிப்பு முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமையக்கூடும் என்பதால், உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது; இலங்கை அடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி பகிரும் ஏப்நிக் நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதியைத் தொட்டு, அதன் பின்னர் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அத்தொகுதியிலிருந்து கூடினால் 1,024 முகவரிகள் மட்டுமே எனப் பங்கீட்டுக்கு இறங்கியது. இலட்சக்கணக்கான வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு இது எம்மூலைக்கும் போதாது. ஆகவே ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் ஏற்பாடு வந்தது. துறைசார்ந்தோர் அதைச் சி.ஜி.நாட் என்பர்.

அதன் செயல்முறை எளியது. வீட்டு ரவுட்டருக்கு நிறுவனம் தன் வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஓர் உள்முகவரியைக் கொடுக்கிறது. வீட்டிலிருந்து புறப்படும் கோரிக்கை நிறுவனத்தின் மாற்றுப்பொறியை அடையும்போது, அப்பொறி உள்முகவரியை நீக்கிப் பொது முகவரியை எழுதி, எந்த வீட்டுக்குரியது என்பதை நினைவில் வைக்க ஒரு போர்ட் எண்ணையும் சேர்த்து வெளியே அனுப்புகிறது. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு. முதல் 1,024ஐ ஒதுக்கிவைத்தால் எஞ்சுவன 64,512. வீட்டுக்கு 1,008 எண்கள் வீதம் பிரித்தால் சரியாக 64 வீடுகள் ஒரே முகவரியின் கீழ் வரும்; 504 வீதம் பிரித்தால் 128 வீடுகள். உரும்பிராயில் ஒரு வீடும் கொழும்பில் ஒரு கடையும் மட்டக்களப்பில் ஒரு விடுதியும் இவ்வாறு ஒரே முகவரியில் குடியிருக்கலாம்; ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள் பங்குக்கிணறு ஒன்றில் நீர் அள்ளுவது போன்ற நிலை இது.

தம் வீடு இவ்வாறு பங்கில் உள்ளதா என்பதை எவரும் கண்டறியலாம். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற முகவரி என்று காட்டப்படும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னர் கணினியில் கீழ்வரும் கட்டளையை இட்டு வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

```
curl -4 https://ifconfig.co
```

ரவுட்டர் 100.72.18.9 என்று காட்ட, கட்டளை 203.0.113.45 என்று விடை தருமானால், நடுவில் மாற்றுப்பொறி உள்ளது என்பது உறுதி. (இவை விளக்கத்துக்கான எண்கள்.) 100 என்று தொடங்கி இரண்டாம் கூறு 64 முதல் 127 வரை அமையும் முகவரிகள், ஏறத்தாழ 42 இலட்சம், இந்தப் பங்கீட்டுக்கென்றே 2012 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6598 என்ற ஆவணத்தால் ஒதுக்கப்பட்டவை. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் தனியார் முகவரிகளையும் பயன்படுத்துகின்றன. இரு எண்களும் ஒன்றாகவே இருந்தால் வீட்டுக்குத் தனி முகவரி உண்டு, புதிருக்கான காரணத்தை அந்த வீட்டினுள்ளேயே தேடலாம்.

மறுமுனையில் இருக்கும் இணையத்தளத்துக்கோ, அல்லது அதன் வாசலில் காவல் புரியும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைக்கோ, வீடுகள் தெரிவதில்லை, முகவரிதான் தெரியும். அந்த முகவரியிலிருந்து அண்மையில் கடவுச்சொல் திருட்டு முயற்சிகள் வந்தனவா, எரிதம் அனுப்பப்பட்டதா, நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்பனவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் இடப்படுகிறது. நல்ல மதிப்பெண்ணுக்கு வழி விடப்படும், இடைப்பட்டதற்குப் புதிர் வரும், மோசமானதற்கு வாசல் மூடப்படும். தன்னியக்க நிரல்களையும் மனிதரையும் பிரித்தறியும் இப்புதிர்களுக்குக் காப்சா என்ற பெயரைக் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூட்டினர்; அவர்கள் எண்ணியது ஒரு திரைக்குப் பின்னால் ஒருவர் இருப்பதை, 64 வீடுகளை அல்ல.

அந்த 64இல் ஒன்றேனும் கெட்டால் போதும். கெடுவதற்கோ வழிகள் மலிந்துள்ளன. இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, கைத்தொலைபேசிகளில் இலவச வி.பி.என். செயலிகளை ஏற்றிக்கொண்டோர் பலர். அவற்றுட் சிலவகை, தம்மை ஏற்றிய கருவியையே பிறருக்கு வாடகைக்கு விடும் இடைத்தரகு நிலையமாக மாற்றிவிடும். 2024 மே மாதம் அமெரிக்க நீதித் திணைக்களம் கலைத்த 911 எஸ்5 என்ற வலையமைப்பு இவ்வாறே மாஸ்க்வி.பி.என்., ட்யூவி.பி.என். முதலிய இலவசச் செயலிகளின் வழியாக, ஏறத்தாழ 200 நாடுகளில் 1 கோடியே 90 இலட்சம் முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு விற்றிருந்தது. மலிவான ஆன்ட்ராய்ட் ரி.வி. பெட்டிகளில் இதே வேலையைச் செய்யும் பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல், சில பெட்டிகளில் விற்பனைக்கு வரும் முன்னரே ஏற்றப்பட்டிருப்பதாக 2025 ஜூனில் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. தமிழ் அலைவரிசைகளுக்காக இத்தகைய பெயர் தெரியாத பெட்டிகளை வாங்கி வைத்திருக்கும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் அருமையல்ல என்பதை நோக்க, சந்தேகத்தைத் தொலைநாட்டுக் குற்றவாளியோடு நிறுத்திக்கொள்வது பொருந்தாது.

எனினும், எவருமே கெடாதபோதும் இதே விளைவு நேரக்கூடும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் வியப்பான பக்கம். ஒரு முகவரியிலிருந்து நிமிடத்துக்கு 100 கோரிக்கைக்கு மேல் ஏற்பதில்லை என விதித்துள்ள ஒரு தளத்தில் க.பொ.த. பெறுபேறு வெளியாகிறது என்று கொள்வோம். ஒரே பொது முகவரியில் உள்ள 64 வீடுகளும் அந்த நிமிடத்தில் தலைக்கு இருமுறை பக்கத்தைத் திறந்தால் 128 கோரிக்கைகள் சேர்ந்துவிடும். 101ஆவதாகக் கேட்ட பிள்ளைக்கு 429 என்ற பிழை எண் வரும். வராத பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பிப்பது மனித இயல்பு என்பதால், எண்ணிக்கை மேலும் ஏறி, தடை தானாகவே நீளும். கிளவுட்ஃபிளேர் 2025இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பங்கு முகவரிகளில் தன்னியக்க நிரல்களின் நடமாட்டம் மற்றவற்றைவிடக் கூடுதலாக இல்லாதபோதும், அவை மூன்று மடங்கு அதிகமாக மட்டுப்படுத்தப்படுவதைக் காட்டியது.

இதன் உச்சத்தை ஒரு நாடே அனுபவித்திருக்கிறது. கத்தாரின் இணையப் போக்குவரத்து ஒரே நிறுவனத்தின் ஒரே முகவரி வழியாக வெளியேறிய காலத்தில், 2007 பிறந்த வேளையில், தொடர்ந்த விஷமத் தொகுப்புகளைத் தடுக்க எண்ணிய விக்கிப்பீடியா நிர்வாகி ஒருவர் 82.148.97.69 என்ற முகவரியை முடக்கினார். கணக்கின்றித் தொகுக்கும் வாய்ப்பை அந்நாடு முழுவதுமே இழந்தது. விவரம் தெரிந்து சில மணி நேரத்தில் தடை நீக்கப்பட்டது.

புதிரைச் சரியாக விடுவித்தும் அது திரும்பத் திரும்ப வருவது இன்னொரு வகைக் கோளாறு. விடுவித்தவரை மீண்டும் கேட்காதிருக்கத் தளம் உலாவியில் ஒரு குக்கியை, கிளவுட்ஃபிளேர் எனில் `cf_clearance` என்ற பெயரில், இட்டு வைக்கிறது. அதன் வழமையான ஆயுள் 30 நிமிடம். ஆனால் நிறுவனத்தின் மாற்றுப்பொறி ஒரே வீட்டுக்குக் கணத்துக்குக் கணம் வேறு வேறு பொது முகவரிகளைக் கொடுக்குமானால், ஒரு முகவரியில் பெற்ற அனுமதி அடுத்ததில் செல்லாமற் போகலாம். ஒரு வாடிக்கையாளரை ஒரே முகவரியோடு பிணைத்து வைப்பதே இயல்புநிலையாக இருக்க வேண்டும் என்று 2013இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6888 விதிக்கிறது. மேலே தந்த கட்டளையைச் சில நிமிட இடைவெளியில் பலமுறை இட்டுப் பார்த்து விடை மாறிக்கொண்டே இருந்தால், நிறுவனத்திடம் முறையிடுவதற்கு அதுவே போதிய சான்று.

நோயை இனங்காண முதற்படி, அதே தளத்தை அதே கருவியில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பு வழியாகத் திறப்பதாகும். அங்கு தடையின்றித் திறந்தால் பழி முகவரிக்குரியது. அங்கும் புதிர் வந்தால் உலாவியையோ அதிற் சேர்த்த நீட்சிகளையோ ஐயுற வேண்டும். முகவரிதான் காரணம் என்றானபின், வீட்டிலுள்ள இலவச வி.பி.என். செயலிகளையும் பெயரறியாப் பெட்டிகளையும் அகற்றிவிட்டு, ரவுட்டரைச் சில நிமிடம் அணைத்து வைத்து இயக்கினால் வேறொரு பொது முகவரி கிடைக்க வாய்ப்புண்டு. கிடைத்ததும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. புதிரைத் தவிர்க்க வி.பி.என். போடுவது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும், ஏனெனில் அதன் வெளியேறு முகவரியைப் பகிர்வோர் 64 பேர் அல்ல, ஆயிரக்கணக்கானோர். கறுப்புப் பட்டியல்களில் முகவரியைத் தேடிப் பார்ப்போர், ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பி.பி.எல். பட்டியலில் அது இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; வீட்டு இணைப்புகள் நேரடியாக மின்னஞ்சல் அனுப்பலாகாது என்பதற்கான பட்டியல் அது, குற்றப் பதிவு அன்று. எக்ஸ்.பி.எல். பட்டியலில் இருந்தால் மட்டுமே அம்முகவரிக்குப் பின்னால் தீநிரல் புகுந்த கருவி ஒன்று உள்ளதெனக் கொள்ளலாம். மாதக் கட்டணம் செலுத்தித் தனிப் பொது முகவரி பெறும் வசதி சில இணைப்பு வகைகளுக்கு உண்டு.

ஆறாம் பதிப்பு முகவரிகள் இச்சிக்கலை வேரிலேயே தவிர்க்கின்றன. முகவரி அளவின்றிக் கிடைப்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தொகுதியே வழங்கப்பட்டு, ஒரு வீட்டின் கேடு அந்த வீட்டோடு நின்றுவிடுகிறது. முன்னைய கட்டளையில் `-4`க்குப் பதிலாக `-6` இட்டு விடை வந்தால் அவ்வசதி வீட்டில் இயங்குகிறது என்று பொருள். ஆயினும் திறக்கப்படும் தளமும் ஆறாம் பதிப்பில் இருக்க வேண்டும். இல்லையெனில் உலாவி நான்காம் பதிப்புக்குத் திரும்பி, அதே மாற்றுப்பொறியின் வழியாக, அதே 64 வீடுகளோடு வரிசையில் நிற்கும்.