ஐந்து மாத வேலைக்கு யாரை வைப்பது?

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. அன்று தொடங்கும் ஆர்டர் டிசம்பர் கடைசி வரை ஓய்வதில்லை. ஜனவரி பிறந்துவிட்டால் வேலை அப்படியே வடிந்துவிடும். ஆண்டில் ஐந்து மாதம் ஆள் போதாமலும் மற்ற மாதங்களில் ஆளுக்கு வேலை போதாமலும் இருக்கும் இந்தத் தொழிலில், நிரந்தர ஊழியரை நியமிப்பதா, ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுப்பதா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. ஜவுளி, இனிப்பு, பருவகால உணவுப் பதப்படுத்தல் என்று ஏறி இறங்கும் எந்த வேலைக்கும் கணக்குப் போடும் முறை இதுவேதான்.

பலர் இதை "எத்தனை ஆள் தேவை?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது. கேட்க வேண்டியது, ஒவ்வோர் ஆளும் ஆண்டில் எத்தனை மாதம் தேவைப்படுகிறார் என்பது. நடுத்தர அளவுள்ள ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே 6 பேருக்கு வேலை இருக்கிறது. பள்ளி நோட்டுப் புத்தக வேலை வரும் ஏப்ரல் முதல் ஜூன் வரை 9 பேர் வேண்டும். ஜூலையில் 7. ஆகஸ்டில் 12, செப்டம்பரில் 16, அக்டோபரிலும் நவம்பரிலும் 20, டிசம்பரில் 14. இந்த எண்களை அடுக்கு அடுக்காகப் பிரித்தால் படம் தெளிவாகிறது. முதல் 6 பேருக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. ஏழாவது ஆளுக்கு 9 மாதம். எட்டாவது, ஒன்பதாவது ஆட்களுக்கு 8 மாதம். பத்து முதல் பன்னிரண்டு வரை 5 மாதம், அடுத்த இருவருக்கு 4, அதற்கடுத்த இருவருக்கு 3. கடைசி நால்வருக்கு இரண்டே மாதம். ஒரே பிரிவில் வேலை செய்தாலும் ஆறாவது ஆளைப் பற்றிய முடிவும் இருபதாவது ஆளைப் பற்றிய முடிவும் முற்றிலும் வேறானவை.

அடுத்தது விலை. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் பெறும் நிரந்தர ஊழியருக்கு நிறுவனத்தின் செலவு அந்த 15,000 மட்டுமல்ல. வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800. இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 490. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதமாகக் கொண்டால் 1,250. ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடைக்கு ஏறக்குறைய 720. சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு 750 வரை ஒதுக்க வேண்டும். மொத்தம் 20,000 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. ஆண்டுக்கு 2,40,000.

ஒப்பந்தக்காரர் வழியாக வரும் ஆளுக்குச் செலவு குறைவு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. அவருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் உண்டு, 30 நாள் வேலை செய்தாலே போனஸுக்கும் தகுதி பெற்றுவிடுகிறார். இவற்றின் மேல் ஒப்பந்தக்காரரின் பங்கு ஏறுகிறது. அதைப் பத்து சதவீதமாக வைத்தால் அதே வேலைக்கு மாதம் 22,000 ஆகிறது. ஆள் அனுப்பும் சேவைக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி, வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லாத சிறு நிறுவனத்துக்கு அதுவும் செலவுதான். யாராவது 16,000 ரூபாய்க்கு ஆள் தருவதாகச் சொன்னால், மிச்சப்படுவது அந்தத் தொழிலாளியின் வைப்பு நிதியோ கூலியோதான். ஒப்பந்த முறையில் நியாயமாகக் கிடைக்கும் மிச்சம் ஒன்றே ஒன்று: வேலை இல்லாத மாதத்துக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை.

அந்த மிச்சத்திலும் ஒரு பகுதி பழகும் காலத்தில் போய்விடும். பைண்டிங்குக்குப் புதிதாக வருபவர் முதல் மாதம் தேர்ந்தவரின் வேலையில் அறுபது சதவீதமும் இரண்டாம் மாதம் எண்பது சதவீதமும் செய்கிறார் என்று கொண்டால், 0.6 மாத உழைப்பு கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. எட்டு மாத வேலையை முடிக்க 8.6 மாதக் கூலி, அதாவது ஏறக்குறைய 1,89,000 ரூபாய் வேண்டும். நிரந்தர ஊழியருக்கு 2,40,000. இரண்டும் சமமாகும் இடம் பத்து மாதத்தைச் சற்றுத் தாண்டி வருகிறது. அதாவது, பணத்தை மட்டும் பார்த்தால் ஆண்டில் பத்து மாதத்துக்கு மேல் வேலை உள்ளவரையே நிரந்தரமாக்க வேண்டும்.

ஆனால் பணத்தை மட்டும் பார்க்க முடியாது. எட்டாவது, ஒன்பதாவது ஆட்களிடம் இது தெரிகிறது. ஆளுக்கு 51,000 ரூபாய் வித்தியாசம் என்பது பெரிய தொகைதான். அதைச் செலவழித்து என்ன வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். தினசரித் தாள் காலண்டரில் ஒரு தேதி விட்டுப்போனாலோ, இரண்டு தாள் இடம் மாறினாலோ வாங்கியவர் அதை மன்னிப்பதில்லை. அந்தத் தவறு பெரும்பாலும் கட்டுப் பிரித்துத் தொங்கவிட்ட பிறகே தெரியவரும். 40 ரூபாய் வீதம் 5,000 காலண்டர் கொண்ட ஓர் ஆர்டர் திரும்பி வந்தால் இழப்பு 2,00,000. மற்ற அச்சு வேலைகளைத் திருத்தித் தரலாம். புத்தாண்டு கடந்த காலண்டர் பழைய தாள் விலைக்குத்தான் போகும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அப்படி நேர்வதைத் தடுத்தாலே ஒரு நிரந்தர ஊழியருக்கான கூடுதல் செலவு ஈடாகிவிடும். ஆகவே கட்டிங் மிஷின் ஓட்டுபவரையும், தாள் அடுக்கைச் சரிபார்ப்பவரையும் மாதக் கணக்கு எட்டில் நின்றாலும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதே சரி. வேலை குறைந்த மாதங்களில் மிஷின் பராமரிப்பும் சரக்கு இருப்புக் கணக்கும் அவர்களுக்குக் காத்திருக்கும்.

ஐந்து, நான்கு மாத அடுக்குகளுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. பலரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. அது குறித்த காலப் பணி நியமனம். ஒப்பந்தக்காரர் நடுவில் இல்லை. நிறுவனமே ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை என்று எழுத்தில் நியமிக்கிறது. அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்குரிய கூலியும் வேலை நேரமும் சலுகைகளும் இவருக்கும் தர வேண்டும். காலம் முடிந்ததும் பணி தானாகவே முடிந்துவிடும். ஐந்து மாதத்தில் பணிக்கொடைக்கான தகுதி வராததால் மாதச் செலவு 19,300 அளவில் நிற்கிறது. ஒப்பந்தக்காரருக்கு 1,10,000 ஆகும் இடத்தில் இங்கே 96,500. அதைவிட முக்கியம், அடுத்த ஆடிக்கு அதே ஆட்களை நேரடியாகக் கூப்பிடலாம். திரும்பி வருபவரிடம் பழகும் கால இழப்பு இல்லை. இதற்கு ஈடாக ஆள் தேடுவது, சம்பளப் பட்டியல் எழுதுவது, வைப்பு நிதி கட்டுவது எல்லாம் நிறுவனத்தின் தலையில் விழும். அந்த வேலைக்கு அலுவலகத்தில் ஒருவர் இல்லாத இடத்தில் இந்த வழி சறுக்கும்.

மிஞ்சும் இரண்டு, மூன்று மாத அடுக்குதான் ஒப்பந்தக்காரருக்கு உரிய இடம். அங்கும் ஆள் கணக்கில் கூலி பேசுவது நட்டம். இரண்டு மாதம் மட்டும் இருப்பவர் தருவது 1.4 மாத வேலைதான். அதனால் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். அப்படிப் பேசினால் வேகம் கூடும், கவனம் குறையும். ஆகவே தவறு நடந்தால் உடனே கண்ணில் படும் வேலைகளை மட்டும், அதாவது அட்டையில் ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது, கட்டுக் கட்டுவது போன்றவற்றை மட்டும் அவரிடம் விட வேண்டும். தாள் அடுக்கும் வேலையை எண்ணிக்கைக் கூலிக்கு விடவே கூடாது.

சிவகாசியில் இன்னொரு சிக்கல் உண்டு. காலண்டர் வேலை உச்சத்தில் இருக்கும் நாட்கள்தான் பட்டாசு ஆலைகளும் தீபாவளிக்கு முழு மூச்சில் ஓடும் நாட்கள். அதே கைகளுக்கு இரண்டு தொழிலும் போட்டி போடுகின்றன. 10 பேர் தருவதாகச் சொன்ன ஒப்பந்தக்காரர் 6 பேரோடு வந்து நிற்பது அப்போதுதான். இதை முன்கூட்டியே அறிய ஒரு வழி, ஆகஸ்டிலேயே சிறு வேலை கொடுத்து வருகைப் பதிவைப் பார்ப்பது. முதல் இரண்டு வாரத்தில் முகங்கள் தினமும் மாறிக்கொண்டே இருந்தால் அவரிடம் சொந்த ஆட்கள் இல்லை என்று அர்த்தம்.

சட்டம் இந்த முடிவை எங்கே தொடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், பருவ வேலை ஆண்டில் 60 நாளுக்கு மேல் நடந்தால் அதை இடைப்பட்ட வேலையாகக் கருதவில்லை. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 50 அல்லது அதற்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களில், நிறுவனத்தின் மைய வேலைக்கு ஒப்பந்த ஆட்களை வைப்பதை அது தடுக்கிறது. குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை திடீரெனப் பெருகினால் விலக்கு உண்டு. ஆண்டுதோறும் ஆடியில் வரும் வேலையைத் திடீர் வேலை என்று வாதிடுவது கடினம். பெரிய அச்சகங்கள் அந்த விலக்கை நம்பித் திட்டமிடுவது ஆபத்து.

சிறிய இடத்துக்கும் தப்பாத விதி ஒன்று உண்டு. காகிதத்தில் ஒப்பந்தக்காரர் பெயர் இருந்தாலும், ஆளைத் தேர்வதும் வேலை வாங்குவதும் விடுப்பு தருவதும் தண்டிப்பதும் அச்சக முதலாளியே என்றால், அந்த ஒப்பந்தம் வெறும் போர்வை என்று தீர்ப்பாயம் முடிவு செய்யலாம். அப்போது அவர்கள் அச்சகத்தின் ஊழியர்களாகிவிடுகிறார்கள். 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒப்பந்தக்காரர் கூலியை ஏமாற்றினால் அதைத் தர வேண்டிய பொறுப்பும் முதன்மை நிறுவனத்துக்கு வந்து சேரும். மாதந்தோறும் பில்லுக்குப் பணம் தருமுன் அவர் வைப்பு நிதி கட்டிய சலானில் தம்மிடம் வேலை செய்தவர்களின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகவே.

இப்படிப் பார்த்தால் அந்த அச்சகத்தில் 9 பேர் நிரந்தரம், 5 பேர் குறித்த கால நியமனம், உச்ச மாதங்களின் மீதி 6 பேருக்கான வேலை எண்ணிக்கைக் கூலியில் ஒப்பந்தக்காரரிடம் என்று பிரியும். ஏழாவது ஆள் செலவுக் கணக்கிலேயே கிட்டத்தட்டத் தேறிவிடுகிறார்; 9.6 மாதக் கூலியான 2,11,000-க்கும் 2,40,000-க்கும் இடையே 29,000 ரூபாய்தான் வித்தியாசம். நோட்டுப் புத்தக ஆர்டர் கூடினால் பத்தாவது ஆளும் எட்டு மாத அடுக்குக்கு ஏறுவார். குறைந்தால் ஒன்பதாவது ஆள் கீழிறங்குவார். நிரந்தர ஊழியரைக் கீழிறக்க முடியாது என்பதால், அந்த ஆர்டர் இரண்டு ஆண்டு நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே பத்தாவது ஆளுக்கு நிரந்தர நியமனம் தர வேண்டும். அதுவரை அவரை ஆண்டில் இரு முறை, குறித்த காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.