ஐந்து மி.லி.யில் எத்தனை மில்லிகிராம்?

எட்டு மாதக் குழந்தை, எடை 8 கிலோ, காய்ச்சல். மருத்துவர் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்கிறார். நம் ஊர் மருந்துக்கடை அலமாரியில் இந்த ஒரே மருந்து குழந்தைகளுக்காகப் பெரும்பாலும் மூன்று விதமாக இருக்கும். சொட்டு மருந்து என்கிற டிராப்ஸ், சாதா சிரப், அதைவிடக் கெட்டியான சிரப். இந்தக் குழந்தைக்கு டிராப்ஸ் என்றால் 1.2 மி.லி. போதும். கெட்டி சிரப் என்றால் 2.4 மி.லி., சாதா சிரப் என்றால் 5 மி.லி. கொடுக்க வேண்டும். அளவு மூன்றாக இருந்தாலும் உடலுக்குள் போகும் மருந்து ஒன்றேதான்: 120 மில்லிகிராம்.

இந்த 120 எப்படி வந்தது என்று பார்ப்போம். குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்று கணக்கிடுவார்கள். மேல் அளவான 15-ஐ எடுத்துக்கொண்டால் 8 x 15 = 120. இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். இருபத்து நாலு மணி நேரத்தில் நாலு வேளையைத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் இந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்குமான உச்ச வரம்பு 480 மில்லிகிராம்.

கணக்கு எடையில்தான் தொடங்குகிறது என்பதால் எடை இன்றைய எடையாக இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் எழுதியிருப்பது போன தடவையின் எடை. நாலாம் மாதத்தில் 6 கிலோ என்று எழுதியதை வைத்து எட்டாம் மாதத்தில் கணக்குப் போட்டால் 90 மில்லிகிராம்தான் வரும், கொடுக்க வேண்டியதில் கால் பங்கு குறைந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் ஏறி நிற்கும் எடைக்கருவி இருந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறி நின்று கழித்துப் பார்த்தால் ஓரளவு சரியாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது லேபிள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். நமக்கு வேண்டியது அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரி. டிராப்ஸ் பாட்டிலில் அந்த வரி ‘ஒவ்வொரு மி.லி.யிலும் பாராசிட்டமால் 100 மி.கி.’ என்று சொல்லும். சாதா சிரப்பில் ‘ஒவ்வொரு 5 மி.லி.யிலும் 120 மி.கி.’ அல்லது 125 மி.கி. கெட்டி சிரப்பில் ‘ஒவ்வொரு 5 மி.லி.யிலும் 250 மி.கி.’

பலர் தடுமாறுவது இங்கேதான். 250 பெரிய எண், 100 சிறிய எண். ஆகவே டிராப்ஸ்தான் லேசான மருந்து, பச்சைக் குழந்தைக்கென்றே செய்தது, கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்று தோன்றிவிடுகிறது. உண்மை நேர்மாறானது. 250 என்பது ஐந்து மி.லி.க்கு, 100 என்பது ஒரே ஒரு மி.லி.க்கு. எல்லாவற்றையும் ஒரு மி.லி.க்குக் கொண்டுவந்தால் குழப்பம் தீரும். 250-ஐ ஐந்தால் வகுத்தால் 50. 120-ஐ ஐந்தால் வகுத்தால் 24. டிராப்ஸ் அப்படியே 100. மூன்றிலும் கெட்டியான டிகாஷன் டிராப்ஸ்தான், சாதா சிரப்பைவிட நாலு மடங்குக்கும் மேல். சின்னக் குழந்தையின் வாயில் நிறைய திரவத்தை ஊற்ற முடியாது, துப்பிவிடும். அதனால்தான் அதைக் கொஞ்சத்துக்குள் அடக்கிச் செய்கிறார்கள்.

மில்லிகிராம் தெரிந்துவிட்டது, ஒரு மி.லி.யில் எவ்வளவு என்பதும் தெரிந்துவிட்டது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஊற்ற வேண்டிய அளவு வரும். 120-ஐ 100-ஆல் வகுத்தால் 1.2. ஐம்பதால் வகுத்தால் 2.4. இருபத்து நாலால் வகுத்தால் 5.

தவறு எங்கே நடக்கிறது என்றால், வீட்டில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது ‘அஞ்சு எம்.எல்.’ என்பது மட்டும்தான். போன மாதம் சாதா சிரப்பில் கொடுத்த அளவு அது. இந்த முறை கடையில் அது இல்லாமல் கெட்டி சிரப் கொடுத்திருப்பார்கள். அதே 5 மி.லி.யை ஊற்றினால் குழந்தைக்குப் போவது 250 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். டிராப்ஸில் 5 மி.லி. ஊற்றினால் 500 மில்லிகிராம். ஒரு நாள் முழுவதற்குமான 480 ஒரே வேளையில் தாண்டிவிட்டது. ஒரு தடவை இப்படி நேர்ந்ததால் மட்டும் கல்லீரல் பழுதாகிவிடும் என்பதில்லை. ஆனால் நாளைக்கு நாலு வேளை என்று அதே அளவு தொடர்ந்தால், சரியாகச் சாப்பிடாமல் வாடிக் கிடக்கும் குழந்தைக்கு அது கல்லீரலைத் தாக்கும் அளவுதான். மறுபுறம், டிராப்ஸுக்கான 1.2 மி.லி.யைச் சாதா சிரப்பில் கொடுத்தால் 29 மில்லிகிராம்கூடப் போகாது. காய்ச்சல் இறங்காது, மருந்து கேட்கவில்லை என்று வேறொன்றைத் தேடுவார்கள். அந்த வேறொன்று சளிக்கான சிரப்பாக இருந்தால் அதற்குள்ளும் பாராசிட்டமால் இருக்கலாம். அதையும் பொடி எழுத்து வரிதான் சொல்லும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவிலும் கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் கெட்டியாகவும், பெரிய குழந்தைகளுக்கான சிரப் லேசாகவும் விற்றுவந்தன. அளவு மாறிப்போன சம்பவங்களைக் கண்டு 2011-இல் அங்குள்ள மருந்து நிறுவனங்கள் கெட்டி டிராப்ஸைக் கைவிட்டு, இரண்டையும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தன. நம் நாட்டிலும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அலமாரியில் மூன்று இருக்கும்வரை, கணக்கு முழுவதும் தூக்கமில்லாத பெற்றோரின் தலையில்தான் விழுகிறது.

அளந்து ஊற்ற வீட்டு டீஸ்பூன் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு பிடிக்கும். ஊசியில்லாத சிரிஞ்சு கடையில் கிடைக்கும். 1.2 என்பதை அதில்தான் சரியாக எடுக்க முடியும். டிராப்ஸோடு வரும் டிராப்பர் அந்தப் பாட்டிலுக்கு மட்டுமே. பல சிரப்புகளில் மருந்து அடியில் படிந்துவிடும் என்பதால் நன்றாகக் குலுக்கிய பிறகே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே நீர்த்ததும் கடைசியில் கெட்டியானதும் போய், போட்ட கணக்கு வீணாகும்.

இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேராக மருத்துவரிடம்தான். கல்லீரல் கோளாறு உள்ள குழந்தைக்கும் அப்படியே. வேறு மருந்துகளுக்கு இந்த 15 பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. சில ஆன்டிபயாட்டிக்குகளின் எண் ஒரு வேளைக்கானதாக இருக்காது, ஒரு நாள் முழுவதற்குமானதாக இருக்கும். அதை வேளைகளாகப் பிரித்துத் தர வேண்டும்.

அளவு மீறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் குழந்தையின் முகத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். முதல் நாளில் வாந்தியும் சோர்வும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு அதற்குப் பிறகே ரத்தப் பரிசோதனையில் தெரியவரும். இதற்கு அசிடைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. அளவு மீறிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும். உடனே மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மி.லி. என்பதை நீங்கள் சொன்னால், மில்லிகிராம் எவ்வளவு என்பதை அவர்கள் லேபிளிலிருந்து கணக்கிட்டுக்கொள்வார்கள்.