இவன் மறுபடியும் கொல்வானா?

1977-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், கொலை வழக்கில் கைதாகியிருந்த ராண்டல் டேல் ஆடம்ஸ் என்ற தொழிலாளியைப் பார்க்க ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர் சிறைக்கு வந்தார். ஒரு தாளில் சில கோட்டு உருவங்களைப் பார்த்து வரையச் சொன்னார். ‘உருளும் கல்லில் பாசி ஒட்டாது’ என்ற பழமொழிக்கு அர்த்தம் கேட்டார். குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கிளம்பிவிட்டார். பிறகு நீதிமன்றத்தில் ஜூரிகளின் முன்னால், ஆடம்ஸ் ஒரு சமூக விரோத ஆளுமை கொண்டவர், உயிரோடு விட்டால் மறுபடியும் வன்முறையில் இறங்குவார் என்று சாட்சி சொன்னார்.

டெக்சாஸ் சட்டப்படி அந்தச் சாட்சிக்கு உயிரின் விலை இருந்தது. மரண தண்டனை விதிக்க வேண்டுமானால், குற்றவாளி வருங்காலத்திலும் சமூகத்துக்குத் தொடர்ந்து ஆபத்தாக இருப்பார் என்று ஜூரிகள் நம்ப வேண்டும். அதுவரை எந்தக் குற்றப் பின்னணியும் இல்லாத ஆடம்ஸுக்கு மரண தண்டனை கிடைத்தது. 1979-ல் தண்டனைத் தேதிக்கு மூன்றே நாள் இருக்கும்போது உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையானது.

எரால் மோரிஸ் என்ற திரைப்பட இயக்குநர் கிரிக்சனைப் பற்றிப் படமெடுக்க டல்லாஸுக்குப் போனார். அவருடைய சாட்சியத்தால் தண்டனை பெற்றவர்களைச் சந்தித்தபோது ஆடம்ஸின் கதையில் போய் நின்றார். சுட்டுக் கொல்லப்பட்டவர் ஒரு போலீஸ்காரர். அன்று காரையும் துப்பாக்கியையும் திருடி வந்தவன் டேவிட் ஹாரிஸ் என்ற 16 வயதுப் பையன். ஊருக்குத் திரும்பி, ‘போலீஸ்காரனைச் சுட்டவன் நான்தான்’ என்று நண்பர்களிடம் பெருமையடித்தவனும் அவன்தான். பிடிபட்டதும் பழியை ஆடம்ஸ் மேல் போட்டான். அவன்தான் வழக்கின் முக்கிய சாட்சி. 1988-ல் மோரிஸின் படம் வெளிவந்தது. 1989-ல் ஆடம்ஸ் விடுதலையானார். ஹாரிஸ் இடையில் இன்னொருவரைக் கொன்று, அதற்காக 2004-ல் தண்டனை நிறைவேற்றப்பட்டு இறந்தான்.

கிரிக்சன் பார்த்தது தப்பான ஆளை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிற கேள்வி வேறு: சரியான ஆளாகவே இருந்திருந்தாலும், ஒரு ஆளுமைக் கோளாற்றின் பெயரை வைத்துக்கொண்டு அவர் நாளைக்கு என்ன செய்வார் என்று சொல்லிவிட முடியுமா?

அந்தப் பெயர்கள் இரண்டு. ஒன்று சமூக விரோத ஆளுமைக் கோளாறு, மற்றொன்று சைக்கோபதி. செய்தித்தாளில் ‘சைக்கோ கொலையாளி’ என்று படிக்கும்போது இந்த இரண்டோடு, காதில் குரல் கேட்கும், இல்லாததை நம்பவைக்கும் மனச்சிதைவு போன்ற நோய்களும் நம் மனதில் கலந்துவிடுகின்றன. மனச்சிதைவு முற்றிலும் வேறு விஷயம். இந்த இரண்டு நிலைகளிலும் ஆளுக்கு உலகம் தெளிவாகவே தெரியும்.

முதலாவது, மருத்துவர்களின் கையேட்டில் உள்ள முறையான நோய்க்குறிப்பு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-ல் அந்தக் கையேட்டைத் திருத்தியபோது ஒரு முடிவெடுத்தது. ஈரமில்லாத மனசு, குற்றவுணர்ச்சி இல்லாமை போன்றவற்றை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாக எடைபோடுவார்கள்; ஆனால் ஒருவர் செய்ததை எவரும் ஒரே மாதிரி எண்ண முடியும். எனவே நடத்தையை அடிப்படையாக வைத்தார்கள். இன்றைய பட்டியலில் ஏழு அம்சங்கள் இருக்கின்றன: திரும்பத் திரும்பச் சட்டத்தை மீறுவது, ஏமாற்றுவது, யோசிக்காமல் இறங்குவது, அடிதடி, தன் உயிரையும் பிறர் உயிரையும் பொருட்படுத்தாதது, வேலையிலும் கடனிலும் பொறுப்பின்மை, செய்ததற்கு வருந்தாதது. மூன்று இருந்தால் போதும். கூடவே ஆளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 15 வயதுக்கு முன்பே கடுமையான ஒழுங்கு மீறல்கள் தொடங்கியிருக்க வேண்டும். மூன்றே போதும் என்பதால், வருத்தமே இல்லாதவரும் மனசுக்குள் வெந்துபோகிறவரும் ஒரே பெயரைச் சுமக்கலாம்.

சைக்கோபதி வேறு வழியில் வந்தது. அமெரிக்க மருத்துவர் ஹார்வி கிளெக்லி 1941-ல் எழுதிய நூலில், நன்றாகப் பேசி, நயமாகப் பழகி, உள்ளே எதனாலும் தொடப்படாத மனிதர்களை வர்ணித்தார். அவர்களில் பலர் பெரிய வன்முறை எதுவும் செய்தவர்கள் அல்ல. அந்த வர்ணனையை அளவுகோலாக மாற்றியவர் கனடாவின் ராபர்ட் ஹேர். சிறைக் கைதிகளிடையே வேலை செய்த அவருடைய பட்டியலில் 20 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, அதிகபட்சம் 40. வட அமெரிக்காவில் 30-ஐத் தாண்டினால் சைக்கோபதி என்பார்கள். பிரிட்டனில் பல ஆய்வுகள் 25-ஐ எல்லையாக வைக்கின்றன. இதைப் போடுவதற்கு நீண்ட நேர்காணலோடு, ஆளின் வழக்குக் கோப்புகள் முழுவதையும் படித்தாக வேண்டும். ஏனென்றால் நேர்காணலில் வசீகரமாகப் பொய் சொல்வதே பட்டியலில் ஓர் அம்சம்.

இப்படி ஒரு ஆளைக் கற்பனை செய்து பாருங்கள். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டவர், சைக்கிள் திருடியவர், குடி, அடிதடி, எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்காதவர். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் தூக்கம் வராது; அடித்த ஆளின் முகம் நினைவுக்கு வந்தால் கூனிக் குறுகுவார். கையேட்டின் பட்டியலில் அவர் எளிதாகத் தேறிவிடுவார். ஹேரின் பட்டியலில் 20-ஐ ஒட்டி நின்றுவிடலாம்; 30 வெகுதூரம். சைக்கோபதி மதிப்பெண் பெறும் கைதிகளில் பெரும்பாலோருக்குக் கையேட்டின் கோளாறும் பொருந்தும். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தாது.

எண்ணிக்கையிலும் இது தெரிகிறது. 12 நாடுகளின் 62 ஆய்வுகளில் ஏறக்குறைய 23,000 கைதிகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2002-ல் வந்தது. ஆண் கைதிகளில் 47 சதவீதத்தினருக்குச் சமூக விரோத ஆளுமைக் கோளாறு இருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 30 என்ற கண்டிப்பான எல்லையை வைத்தபோது சைக்கோபதி என்று சொல்லத்தக்க ஆண்கள் 7.7 சதவீதம் மட்டுமே.

47 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்? சிறையில் கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது. யார் அடுத்த முறை கத்தியைத் தூக்குவார், யார் ஒழுங்காக வீடு போய்ச் சேருவார் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அது பாதிப் பேரைக் கைகாட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதோடு, ‘இவர் ஏன் அடிதடியில் இறங்குகிறார்? சமூக விரோத ஆளுமை. எப்படித் தெரியும்? அடிதடியில் இறங்குகிறாரே’ என்ற வட்டம் வேறு. உடம்பு ஏன் சுடுகிறது என்று கேட்டால் காய்ச்சல் என்று சொல்வதைப் போல, பெயர் கிடைத்துவிடுகிறது, காரணம் கிடைப்பதில்லை.

சைக்கோபதி அந்த வட்டத்திலிருந்து தப்பிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே பார்த்தால் அப்படி இல்லை. ஹேரின் பட்டியல் இரண்டு பெரிய பகுதிகளாகப் பிரியும். ஒன்றில் வசீகரம், தற்பெருமை, பொய், இரக்கமின்மை, குற்றவுணர்ச்சி இல்லாமை. கிளெக்லி வர்ணித்த ஆள் இவற்றில்தான் இருக்கிறார். மற்றொன்றில் பொறுப்பின்மை, அவசரபுத்தி, சிறுவயதுக் குற்றம், ஜாமீன் அல்லது பரோல் நிபந்தனை மீறியது, பலவிதக் குற்றங்களில் ஈடுபட்டது. 2010-ல் வன்முறையை முன்கணிக்கும் ஒன்பது கருவிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. பின்னால் வன்முறை செய்த ஒருவரையும் செய்யாத ஒருவரையும் எடுத்துக்கொண்டால், செய்தவருக்கு அதிக மதிப்பெண் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பதுதான் அளவுகோல். குருட்டுக் கணக்கு என்றால் 50. ஹேரின் முழுப் பட்டியலுக்குச் சுமார் 65 வந்தது. இரக்கமின்மை இருக்கும் முதல் பகுதியை மட்டும் எடுத்தால் சுமார் 56.

எனக்கு இந்த 56 மிக முக்கியமான எண். நம்மைப் பயமுறுத்தும் அந்தக் குளிர்ந்த கண், ஈரமற்ற மனசு, தன்னளவில் வன்முறையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. வேலை செய்வது இரண்டாவது பகுதி. அது பெருமளவு பழைய குற்றங்களின் கணக்கு. முன்பு அடித்தவர் மறுபடி அடிக்க வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்துகொள்ள ஆளுமையை ஆராயத் தேவையில்லை, வழக்குப் பதிவேடே போதும்.

மதிப்பெண்ணிலும் ஆட்டம் உண்டு. நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் போட்டாலும் சுமார் மூன்று மதிப்பெண் முன்னே பின்னே போகலாம். 28 வாங்கியவருக்கும் 31 வாங்கியவருக்கும் நடுவே நாம் இழுக்கும் கோடு அத்தனை மெல்லியது. 2013-ல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட தடயவியல் உளவியலாளர்களையும் மனநல மருத்துவர்களையும் அழைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோருக்கும் ஒரே கோப்புகள். ஆனால் பாதிப் பேர் அரசுத் தரப்பு தங்களை அமர்த்தியதாகவும், மீதிப் பேர் எதிர்த்தரப்பு அமர்த்தியதாகவும் நம்பவைக்கப்பட்டார்கள். அரசுத் தரப்புக்காக வேலை செய்வதாக நினைத்தவர்கள் அதே ஆட்களுக்குச் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். பொய் சொல்ல யாரும் உட்காரவில்லை. நேர்மையான நிபுணர்களிடமே இது நடந்தது என்பதுதான் கவலைக்குரியது.

அப்படியானால் இரண்டுக்கும் வன்முறையோடு சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. ஸ்வீடனில் 1958 முதல் 1980 வரை பிறந்த சுமார் 24 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, வன்முறைக் குற்றத் தீர்ப்புகளில் 63 சதவீதம் வெறும் ஒரு சதவீதத்தினர் மேல் விழுந்திருந்தது. அந்தச் சிறு கூட்டத்தில் ஆளுமைக் கோளாறு அதிகம்தான். போதைப் பழக்கமும் ஆணாக இருப்பதும்கூட அதிகம். மீதி 37 சதவீதம், ஒருமுறையோ இருமுறையோ தண்டிக்கப்பட்டு நின்றுவிட்டவர்களுடையது. குடிபோதையில் நடந்த சண்டை, வீட்டுக்குள் நடக்கும் அடி, பழிவாங்கல் போன்றவற்றை விளக்க எந்தப் பட்டியலின் 30-ம் தேவைப்படுவதில்லை.

டெக்சாஸிலேயே பின்னர் ஒரு கணக்கெடுத்தார்கள். கைதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் அமைப்பு ஒன்று, அரசுத் தரப்பு நிபுணர்கள் ‘இவர் நிச்சயம் ஆபத்தானவர்’ என்று சாட்சி சொன்ன 155 பேரின் சிறைப் பதிவுகளை 2004-ல் வெளியிட்டது. முதலுதவிக்கு மேல் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு எவரையாவது தாக்கியவர்கள் எட்டுப் பேர். கிரிக்சனை 1995-லேயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியேற்றியிருந்தது. பார்க்காத ஆளுக்கு நோய்ப்பெயர் வைத்ததும், நூறு சதவீதம் உறுதியாகச் சொல்ல முடியும் என்று நீதிமன்றத்தில் சாதித்ததும்தான் காரணம்.

இன்று பல நாடுகளில் விடுதலைக்கு முன் கைதிகளை மதிப்பிடுபவர்கள் எச்சிஆர்-20 என்ற கருவியை வைத்திருக்கிறார்கள். அதன் பழைய பதிப்பில் ஹேரின் மதிப்பெண் கட்டாயமாக இருந்தது. 2013-ல் வந்த பதிப்பில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதில் உள்ள 20 அம்சங்களில் பத்து கடந்த காலத்தைப் பற்றியவை. அவற்றில் ஒன்றுதான் ஆளுமைக் கோளாறு. ஐந்து இப்போதைய மனநிலையைப் பற்றியவை. மீதி ஐந்து, வெளியே போனால் எங்கே தங்குவார், யார் கூட இருப்பார்கள், சிகிச்சைக்கு ஒழுங்காக வருவாரா, நெருக்கடி வந்தால் எப்படிச் சமாளிப்பார் என்பதைப் பற்றியவை.